1965-ஐ ஒட்டிப் பிறந்தவர் பூமரா, ஜென் எக்ஸா? தலைமுறைப் பெயரைக் கண்டறியும் முறையும் அதன் நெகிழ்வும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகளில் திட்ட அறிக்கை எழுதும் மாணவர்களுக்கும், ஓசூர் ஆலைகளின் மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இப்போது அடிக்கடி வரும் வேலைகளுள் ஒன்று, ஆட்களைப் பிறந்த ஆண்டின்படி பூமர், ஜென் எக்ஸ், மில்லினியல், ஜென் இசட் என்று பிரித்து எழுதுவது. ஆண்டைப் பட்டியலில் பார்த்துப் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றே தோன்றும். இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்தவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். 1955-இல் பிறந்தவரை எந்தப் பட்டியலும் பூமர் என்றே சொல்லும். எல்லையை ஒட்டிப் பிறந்தவர்களிடம்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்தச் சிக்கலில் பாதி பட்டியலில் இருக்கிறது, மீதிப் பாதி நம் ஊர்ச் சான்றிதழ்களில் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரை எல்லையோரத்தில் பிறந்தவர்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

பாலக்கோடு வட்டத்தில் உள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். பெரியப்பா 1964 அல்லது 1965-இல் பிறந்தவர். அவருடைய தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். மகள் 1996 டிசம்பரிலும் மகன் 1998 மார்ச்சிலும் பிறந்தவர்கள். பெரியப்பாவின் மகள்வழிப் பேரன் பிறந்தது 2011-இல். இந்த நால்வருக்கும் பெயர் சூட்டிப் பார்ப்போம்.

முதற்படி: எந்தப் பட்டியல் என்பதை முடிவு செய்தல்

மிகுதியாகப் பயன்படுவது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வகுத்த பட்டியல். அதன் ஆண்டுகள் பின்வருமாறு:

மௌனத் தலைமுறை: 1928 முதல் 1945 வரை
பூமர்: 1946 முதல் 1964 வரை
ஜென் எக்ஸ்: 1965 முதல் 1980 வரை
மில்லினியல்: 1981 முதல் 1996 வரை
ஜென் இசட்: 1997 முதல் 2012 வரை

இது ஒன்றே பட்டியல் என்று எண்ணிவிடக் கூடாது. ஜென் ஆல்ஃபா என்ற பெயரைப் பரப்பிய ஆஸ்திரேலியாவின் மெக்ரிண்டில் நிறுவனம் 1995 முதல் 2009 வரை பிறந்தவர்களை ஜென் இசட் என்றும், 2010 முதல் 2024 வரை பிறந்தவர்களை ஜென் ஆல்ஃபா என்றும் வகுக்கிறது. மில்லினியல் என்ற சொல்லை உருவாக்கிய வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இரு எழுத்தாளர்களின் கணக்கிலோ அந்தத் தலைமுறை 1982-இல் தொடங்கி 2000-க்குப் பின்னும் சில ஆண்டுகள் நீள்கிறது. அவர்களுடைய பூமர் 1943-இலேயே தொடங்கி 1960-இல் முடிந்துவிடுகிறார். கனடாவின் புள்ளியியல் துறை பூமரை 1965 வரை நீட்டுகிறது.

எனவே, பெயரை எழுதுவதற்கு முன் பட்டியலின் பெயரை எழுதிவிட வேண்டும். நம் குடும்பத்துத் தம்பியின் பிள்ளைகள் இருவரையும் பார்த்தால் இதன் தேவை விளங்கும். பியூ பட்டியலின்படி அக்காள் மில்லினியல், தம்பி ஜென் இசட். மெக்ரிண்டில் கணக்கில் இருவருமே ஜென் இசட். ஸ்ட்ராஸ், ஹோவ் கணக்கில் இருவருமே மில்லினியல். பெரியப்பாவின் பேரன் பியூவுக்கு ஜென் இசட், மெக்ரிண்டிலுக்கு ஜென் ஆல்ஃபா. பட்டியலைச் சொல்லாமல் பெயரை மட்டும் எழுதிய அறிக்கையை இன்னோர் அறிக்கையோடு ஒப்பிடவே முடியாது; எண்கள் மாறியிருப்பது மக்கள் மாறியதாலா, கோடு மாறியதாலா என்பது தெரியாமல் போய்விடும்.

தமிழில் நாமே உருவாக்கிக்கொண்ட பட்டியலும் ஒன்று உண்டு. 80ஸ் கிட்ஸ், 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ் என்ற இந்தப் பிரிவுகள் பேச்சிலும் மீம்களிலும் மேற்கண்ட பெயர்களைவிட ஆழமாக வேரூன்றியவை. ஆனால் 90ஸ் கிட் என்பவர் தொண்ணூறுகளில் பிறந்தவரா, தொண்ணூறுகளில் சிறுவராக இருந்தவரா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1985-இல் பிறந்து, தொண்ணூறுகளில் பள்ளிக்குச் சென்று, தொலைக்காட்சியில் ஒளியும் ஒலியும் பார்த்த ஒருவரும் தம்மை 90ஸ் கிட் என்றே சொல்லிக்கொள்கிறார். 1999-இல் பிறந்தவரும் அப்படியே சொல்லிக்கொள்கிறார். நம் எடுத்துக்காட்டின் அக்காளும் தம்பியும் இந்தக் கணக்கில் சந்தேகமின்றி 90ஸ் கிட்ஸ். ஆகவே 90ஸ் கிட்ஸ் என்பதை மில்லினியல் என்றும், 2கே கிட்ஸ் என்பதை ஜென் இசட் என்றும் மாற்றி எழுதுவது தவறு. 1997, 1998, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிறந்தவர்கள் அனைவரும் அந்த மாற்றத்தில் இடம் தவறிப் போவார்கள். பூமர் அங்கிள் என்ற வசைக்கும் 1946-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அறிவுரை சொல்லும் முப்பது வயதுக்காரரும் அந்தப் பட்டத்தைப் பெறுகிறார். அது குணத்துக்குத் தரப்படும் பெயர் என்பதால் அதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாம் படி: பிறந்த ஆண்டை உறுதிப்படுத்துதல்

பெரும்பாலானோர் தாண்டிச் சென்றுவிடும் படி இதுதான். பட்டியலின் எல்லைகள் யாவும் டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் இடையே விழுகின்றன. ஐம்பதைக் கடந்த நம் ஊர்க்காரர் பலரின் ஆவணங்களோ ஓர் ஆண்டு முன்னும் பின்னும் அசையக் கூடியவை. பெரியப்பாவின் ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ். அதில் 1.6.1964 என்று உள்ளது. அறுபதுகளில் சிற்றூர்ப் பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்த பெற்றோர் அரிது. வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்ததாக எடுத்துக்கொண்டு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஐந்து நிறையும்படி ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. அந்தத் தலைமுறையினரின் சான்றிதழ்களில் மே, ஜூன் மாதங்களின் பிறந்த நாட்கள் மலிந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே 1.6.1964 என்ற தேதியிலிருந்து உறுதியாகத் தெரிவது, 1969 ஜூனில் அவர் பள்ளியில் சேர்ந்தார் என்பது மட்டுமே. அப்போது அவருக்கு நான்கரை வயதாகவும் இருந்திருக்கலாம், ஆறு வயதாகவும் இருந்திருக்கலாம்.

அடுத்தது வாக்காளர் அடையாள அட்டை. தொண்ணூறுகளில் வழங்கப்பட்ட பழைய அட்டைகளில் பிறந்த தேதி இராது, 1.1.1995 அன்று வயது 30 என்பது போன்ற ஒரு வரியே இருக்கும். புதியவர்கள் 1995-இலிருந்து 30-ஐக் கழித்து 1965 என்று எழுதி, ஜென் எக்ஸ் என்று முடித்துவிடுவார்கள். இந்தக் கழித்தல் தவறானது. ஜனவரி முதல் நாளன்று ஒருவருக்கு முப்பது வயது நிறைந்திருந்தால், அவர் 1964 ஜனவரி 2-க்கும் 1965 ஜனவரி 1-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். அதாவது, ஒரே ஒரு நாளைத் தவிர முழுக் காலமும் 1964-இல் அடங்குகிறது. பட்டியலின்படி அவர் பூமர். ஜனவரி 1-ஐ அடிப்படையாகக் கொண்ட அட்டைகளில் கழித்து வரும் விடையிலிருந்து மேலும் ஒன்றைக் குறைத்தால்தான் சரியான ஆண்டு கிடைக்கும்.

அதுவும் அட்டையில் எழுதப்பட்டது நிறைந்த வயதாக இருந்தால்தான். நம் வழக்கில் வயதைக் கேட்டால் பலரும் நடப்பு வயதைச் சொல்கிறோம். இருபத்தொன்பது நிறைந்தவர், முப்பது நடக்கிறது என்பார். கணக்கெடுக்க வந்தவரும் முப்பது என்றே குறித்துக்கொள்வார். அப்படி எழுதப்பட்ட முப்பது என்றால் பிறப்பு 1965-க்குப் போய்விடுகிறது. இதனால் இந்த அட்டையை வைத்து 1964 அல்லது 1965 என்பதற்கு மேல் துல்லியமாக எதுவும் சொல்ல இயலாது. வாய்மொழியாகச் சொன்ன வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, தேதியை ஜனவரி 1 என்று பதிந்த ஆதார் அட்டைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அட்டையில் 01/01 என்று கண்டால், அது உண்மையான பிறந்த நாளா, நிரப்பப்பட்ட தேதியா என்று கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது ஜாதகம். பெரியப்பாவின் ஜாதகக் குறிப்பில் குரோதி வருடம், தை மாதம் என்று இருக்கிறது என்று கொள்வோம். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், குரோதி என்பது 1964 ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து 1965 ஏப்ரல் நடுப்பகுதி வரை நீள்கிறது. சித்திரை முதல் கார்த்திகை வரை பிறந்தவர் 1964-ஐச் சேர்ந்தவர். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர் 1965-ஐச் சேர்ந்தவர். மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைப்பதால், அம்மாதத்தில் பிறந்தவர்களுக்கு நாளையும் பார்க்க வேண்டும். மார்கழியின் முற்பாதி டிசம்பரிலும் பிற்பாதி ஜனவரியிலும் விழும். ஆகவே பெரியப்பா 1965 ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் பிறந்தவர் ஆகிறார். 1995 தொடக்கத்தில் அவருக்கு இருபத்தொன்பது நிறைந்து முப்பது நடந்துகொண்டிருந்தது; அட்டையிலுள்ள முப்பதுக்கும் விளக்கம் கிடைத்துவிடுகிறது. 1969 ஜூனில் நான்கரை வயதைத் தொட்டுக்கொண்டிருந்த சிறுவனைக் காது தொடச் செய்து ஐந்து என்று எழுதினார்கள் என்பதும் இதனோடு பொருந்துகிறது. மூன்று ஆவணங்களும் முரண்படுவதுபோல் தோன்றினாலும், ஜாதகத்தின் தேதியை ஏற்றுக்கொண்டால் மற்ற இரண்டும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கிவிடுகிறது. பியூ பட்டியலின்படி பெரியப்பா ஜென் எக்ஸ்.

மற்ற எல்லைகளுக்கும் இதே வழி உதவும். ஜென் எக்ஸ், மில்லினியல் எல்லை ரௌத்திரி வருடத்தின் நடுவிலும், மில்லினியல், ஜென் இசட் எல்லை தாது வருடத்தின் நடுவிலும் விழுகின்றன. 1876-இல் தொடங்கிய தாது வருடத்துப் பஞ்சத்துக்குச் சரியாக இரண்டு அறுபதாண்டுச் சுற்று கழித்து வந்த தாது அது. சேலம், தருமபுரிப் பக்கத்து முதியவர்கள் ஒரு காலத்தில் தலைமுறைகளை அந்தப் பஞ்சத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களின் ஜாதகங்களிலும் ஆண்டுப் பெயர்கள் இவையே. ஆண்டு யுகாதியன்று தொடங்குவதால் தொடக்கம் மட்டும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் முன்னதாக இருக்கும். மாதங்களும் பிறைக் கணக்கில் வருவதால் மார்கசிர, புஷ்ய மாதங்களில் பிறந்தவர்களுக்கு மார்கழியைப் போலவே நாளையும் பார்க்க வேண்டும்.

ஜாதகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பெண் பார்க்கும் காலத்தில் வயதைக் குறைக்கவோ தோஷத்தை மறைக்கவோ புதிதாக எழுதப்பட்டவையும் புழக்கத்தில் உள்ளன. பிறந்தவுடன் குறிப்பேட்டில் எழுதிய பழைய தாள் இருந்தால் அதற்கே முதலிடம் தரலாம். அது கிடைக்காதபோது, உடன்பிறந்தவர்களின் வயது வேறுபாட்டைக் கேட்பது பயன் தரும். இந்த ஆராய்ச்சியின் முடிவு அறிக்கைக்கு மட்டுமே உரியது என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்குப் பதிவிலுள்ள தேதியே செல்லும்.

மாவட்டப் பெயரைக் கண்டு குழம்புவோருக்கு ஒரு குறிப்பு. சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. எனவே பெரியப்பா பிறந்தபோது பாலக்கோடு சேலம் மாவட்டத்தில் இருந்தது; 2003-இல் ஓசூரில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். ஒரே தெருவில், ஒரே வீட்டில் பிறந்த மூன்று பேர் மூன்று மாவட்டத்துக்காரர்களாக எழுதப்படலாம். தலைமுறைக் கோடும் இந்த மாவட்டக் கோட்டைப் போன்றதுதான்: நிர்வாக வசதிக்காக வெளியே இருந்து வரையப்பட்டது, வரைந்த நாளில் வீட்டுக்குள் எதுவும் மாறியிருக்காது.

மூன்றாம் படி: அந்த எல்லை ஏன் அங்கே வரையப்பட்டது என்று பார்த்தல்

மேற்கண்ட ஐந்து பிரிவுகளில் உறுதியான மக்கள்தொகைக் காரணம் உடையது பூமர் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பிய பின் அமெரிக்காவில் பிறப்புகள் 1946-இல் திடீரென்று உயர்ந்தன. 1954 முதல் 1964 வரை ஒவ்வோர் ஆண்டும் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1965-இல் அந்த எண்ணிக்கை நாற்பது லட்சத்துக்குக் கீழே இறங்கியது. வரைபடத்தில் கண்ணால் காணக் கூடிய மேடு அது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனமும் அந்த ஆண்டுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் அப்படி ஒரு மேடு ஏற்படவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஆறு குழந்தைகள் என்ற நிலையே தொடர்ந்தது. 1946-இல் ஏற்றமும் இல்லை, 1965-இல் இறக்கமும் இல்லை. ஆகவே பெரியப்பா 1964 டிசம்பரில் பிறந்தாரா, 1965 ஜனவரியில் பிறந்தாரா என்று இவ்வளவு நேரம் ஆராய்ந்து கண்ட விடை, பட்டியலைச் சரியாகப் பயன்படுத்தியதற்கான சான்றாக இருக்குமே ஒழிய, பாலக்கோட்டில் அவர் வளர்ந்த விதத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

1996, 1997 எல்லைக்கு இந்த அளவு காரணமும் கிடையாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நினைவில் வைத்திருக்கும் வயதில் இருந்தவர்கள் மில்லினியல், அதை நினைவுகொள்ள இயலாத அளவுக்குச் சிறியவர்கள் ஜென் இசட் என்பது பியூ மையம் முன்வைத்த காரணங்களுள் முதன்மையானது. ஜென் எக்ஸுக்கு வந்த அதே பதினாறு ஆண்டு நீளம் மில்லினியலுக்கும் வந்தது அவர்களுக்கு வசதியாக இருந்தது. இவ்வகை எல்லைகள் துல்லியமான அறிவியல் ஆகா என்று அம்மையமே அப்போது எழுதியது. 2021-இல் மேரிலாந்து பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஃபிலிப் கோஹன் முன்னெடுத்த திறந்த மடல் ஒன்றில், இந்தப் பெயர்களைக் கைவிடுமாறு சமூக ஆய்வாளர் பலர் பியூ மையத்தைக் கேட்டுக்கொண்டனர். 2023-இல் அம்மையம் தன் முறையை மாற்றிக்கொண்டது. ஒரே வயதில் இருந்தபோது வெவ்வேறு காலத்தவர் எப்படி இருந்தனர் என்று ஒப்பிடுவதற்குப் பழைய தரவு இருந்தால்தான் இனித் தலைமுறை ஆய்வு செய்வோம், அப்போதும் வழக்கமான பெயர்களையே கட்டாயம் பயன்படுத்த மாட்டோம் என்று அறிவித்தது. நம்மிடையே பட்டியல் பரவிய வேகத்தில் இந்த அறிவிப்பு பரவவில்லை.

தம்பியின் பிள்ளைகள் இருவரையும் மீண்டும் பார்ப்போம். 2001 செப்டம்பரில் ஒருவருக்கு நான்கு வயது, மற்றவருக்கு மூன்று வயது. அந்தத் தாக்குதல் இருவருக்கும் ஒன்றுதான். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இருவரும் மேல்நிலை வகுப்பில் மடிக்கணினி பெற்றிருப்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைபேசி இணையம் மலிவானபோது இருவரும் கல்லூரி வயதில் இருந்தார்கள். இவர்களுக்கு இடையில் ஒரு தலைமுறைக் கோடு ஓடுகிறது என்று சொல்வதற்கு நம் மண்ணில் ஓர் ஆதாரமும் காணோம். பேரனோ, 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது தொடக்கப் பள்ளி மாணவன். கல்வித் தொலைக்காட்சியிலும் பெற்றோரின் கைபேசியிலும் பாடம் கேட்டவன். பியூ பட்டியல் அவனையும் 1998-இல் பிறந்த மாமன் முறைக்காரரையும் ஒரே ஜென் இசட் பெட்டிக்குள் வைக்கிறது. எங்கு வேறுபாடு இருக்கிறதோ அங்கே பெயர் ஒன்றாகவும், எங்கு இல்லையோ அங்கே பெயர் வேறாகவும் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: தலைமுறையால் வந்ததா, வயதால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று பிரித்தல்

ஒரு பிரிவினரிடம் ஒரு வேறுபாட்டைக் கண்டதும் அதைத் தலைமுறையின் குணம் என்று எழுதிவிடுவதே இத்துறையில் மிகுதியாக நடக்கும் பிழை. வேறுபாடு மூன்று வழிகளில் வரலாம். வயது ஏற ஏற எல்லாருக்கும் வருவது ஒன்று. ஒரு காலகட்டத்தில் எல்லா வயதினருக்கும் ஒருசேர வருவது இன்னொன்று. குறிப்பிட்ட ஆண்டுகளில் பிறந்தவர்களிடம் மட்டும் வந்து, வாழ்நாள் முழுவதும் அவர்களோடு செல்வது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் தலைமுறை விளைவு என்று சொல்ல முடியும்.

இம்மூன்றையும் பிரித்துக் காட்ட, தருமபுரியில் உள்ளதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருக்கும். இந்தக் கறை உண்டாவது ஈறுக்குள் பல்லின் எனாமல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயது வரை மட்டுமே. எட்டு வயதுக்குப் பின் அதே ஊருக்கு வாழ வந்தவர் எத்தனை ஆண்டு அந்நீரைக் குடித்தாலும், முன்பல்லில் அப்படிப்பட்ட கறை தோன்றாது. சிறுவயதில் கறை பட்டவர் பிறகு சென்னைக்கே குடியேறினாலும் அது போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் காவிரி நீர் முறையாக வந்து சேர்ந்த ஓர் ஊரில், 2013-ஐ ஒட்டியும் அதன் பின்னும் பிறந்து அதையே குடித்து வளர்ந்தவர்களுக்கும், இருபது ஆண்டு முன்னர் பிறந்தவர்களுக்கும் பல்லில் வேறுபாடு தெரிய வேண்டும். இது பிறந்த ஆண்டால் வரும் வேறுபாடு. உண்மையான தலைமுறைக் கோடு.

அதே நீரால் வரும் எலும்பு, மூட்டு வலியோ வேறு வகையைச் சேர்ந்தது. பல ஆண்டுகள் குடித்துச் சேர்ந்த ஃபுளோரைடால் வருவதால் அது வயதோடு ஏறுகிறது. முதியவர்களிடம் அதை மிகுதியாகக் கண்டு பூமர்களின் நோய் என்று எழுதினால், குடிநீர் மாறாத ஊர்களில் ஜென் எக்ஸ் என்று நாம் குறித்தவர்களும் அந்த வயதை எட்டும்போது அதே வலியோடு வந்து நிற்பார்கள். சந்தையில் கீரை விற்கும் பாட்டி முதல் கல்லூரி மாணவர் வரை எல்லாரும் கைபேசியில் பணம் செலுத்துவதும் பெறுவதும் மூன்றாவது வகை; 2016-க்குப் பின் சில ஆண்டுகளில் எல்லா வயதினரிடமும் பரவியது அது, காலத்தின் விளைவு.

பற்கறை எடுத்துக்காட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. அந்தக் கோடு எந்த ஆண்டில் விழும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். முதலிலேயே நல்ல நீர் இருந்த ஊரில் கோடே இராது, நீர் வந்து சேர்வது தாமதமான குக்கிராமத்தில் பல ஆண்டு தள்ளி விழும். கிழக்கே சித்தேரி மலையிலும் மேற்கே அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களிலும் சாலையும் கைபேசிக் கோபுரமும் நகரங்களுக்குப் பிந்தியே வந்தன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், 2000-இல் ஓசூர் நகரில் பிறந்தவரையும் அதே ஆண்டு அந்த மலையூர்களில் பிறந்தவரையும் கைபேசியோடு வளர்ந்த தலைமுறை என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவது எவ்வளவு துணிச்சலானது என்பது புரியும். இக்காரணத்தால், இம்மாவட்டங்களில் ஆய்வு செய்வோர் பிறந்த ஆண்டோடு வளர்ந்த ஊரையும் கட்டாயம் கேட்டுக் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டில் ஒன்றுதான் கேட்க முடியும் என்றால், ஊரைக் கேட்பதே பல வினாக்களுக்குக் கூடுதலாக உதவும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஓசூர் ஆலையொன்றில் இருபத்து மூன்று வயதினர் அடிக்கடி வேலை மாறுகிறார்கள் என்று தெரிந்தால், அதே ஆலையில் 2005-இல் இருபத்து மூன்று வயதாக இருந்தவர்கள் எவ்வளவு நாள் நிலைத்தார்கள் என்று பழைய பதிவேட்டில் பார்க்க வேண்டும். அவர்களும் அவ்வாறே மாறியிருந்தால் அது இளவயதின் இயல்பு. இப்போது நாற்பது வயதினரும் முன்பைவிட மிகுதியாக மாறுகிறார்கள் என்றால் அது காலத்தின் இயல்பு. அக்கம்பக்கத்தில் புதிய ஆலைகள் வந்திருக்கலாம், ஒப்பந்தப் பணி பெருகியிருக்கலாம். இரண்டும் இல்லாதபோதுதான் ஜென் இசட் என்ற சொல்லை எடுக்கலாம். பழைய பதிவேடு கிடைக்காவிட்டால் தலைமுறை பற்றிய முடிவு எதையும் எழுதாமல், வயது வேறுபாடு என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வதே முறை.

ஐந்தாம் படி: எழுதும் முறை

படிவத்தில் தலைமுறைப் பெயர்களை வரிசையாகக் கொடுத்து, உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்க வேண்டாம். பலரும் பிறந்த ஆண்டைப் பாராமல் மனத்துக்குப் பிடித்த பெயரைத் தேர்ந்தெடுப்பார்கள். பூமர் என்பது வசையாகிவிட்டதால் அதைத் தொட விரும்பாதவர்களும் உண்டு. பிறந்த ஆண்டை எண்ணாகவே கேட்டு வாங்கி, அந்த ஆண்டு எந்த ஆவணத்திலிருந்து சொல்லப்பட்டது என்பதை அருகில் ஒரு கட்டத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிப்பதைப் பின்னால் நீங்களே செய்யலாம். வேறொரு பட்டியலுக்கு மாற வேண்டி வந்தாலும் கைவசம் ஆண்டு இருக்கும்.

பிரித்த பின், எல்லைக்கு இருபுறமும் இரண்டிரண்டு ஆண்டுகளில் பிறந்தவர்களைத் தனியே எடுத்துவைத்து, அவர்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1963 முதல் 1966 வரை பிறந்தவர்களை நீக்கியதும் பூமருக்கும் ஜென் எக்ஸுக்கும் இடையே கண்ட வேறுபாடு மறைந்துவிட்டால், அந்த வேறுபாட்டை எழுதக் கூடாது. எல்லையை ஓராண்டு முன்னும் ஓராண்டு பின்னும் நகர்த்திப் பார்த்தும் முடிவு மாறாமல் இருந்தால்தான் எழுதலாம்.

அறிக்கையில் பெயருக்குப் பதிலாக ஆண்டுகளையே எழுதுவது பெரும்பாலும் போதுமானது. பெயர் தேவைப்படும் இடத்தில், பெரியப்பாவைப் பற்றிய பதிவு இப்படி அமையலாம்: பிறப்பு 1965 தொடக்கம், ஜாதகக் குறிப்பின்படி, பள்ளிச் சான்றிதழில் 1964, பியூ பட்டியலின்படி ஜென் எக்ஸ், எல்லையோரம், பிறந்து வளர்ந்த ஊர் பாலக்கோடு வட்டம், பிறந்தபோது சேலம் மாவட்டம்.